பையில் சிறுநீர் இறங்கவில்லை என்றால்: வீட்டில் யூரின் டியூப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு

ராத்திரி இரண்டரை மணிக்கு செம்பூரிலிருந்து போன். "சிஸ்டர், பையில ஒண்ணுமே இல்ல. ஆனா மாமா வேட்டியெல்லாம் ஈரமா இருக்கு. டியூப் ஓட்டையாயிடுச்சா? புதுப் பை மாத்திப் பார்க்கட்டுமா?" மருமகள்தான் பேசினார். பின்னால் பெரியவர் "ஒண்ணுக்கு வருது, ஒண்ணுக்கு வருது, என்னை எழுப்பி விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருப்பது கேட்டது.

மும்பையில் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. தாராவி, சயன், மாட்டுங்கா, செம்பூர் என்று அலைகிறேன். எனக்கு வரும் ராத்திரி போன்களில் பாதிக்கு மேல் யூரின் டியூப் பற்றித்தான். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, பையை மாட்டி, "பதினைந்து நாள் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் நேரத்து அவசரத்தில் இந்தியிலோ மராத்தியிலோ சொன்னது வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துபோகிறது. அதனால் வீட்டில் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதிலிருந்தே தொடங்கி, என்ன பார்ப்பது, எதை வீட்டிலேயே சரிசெய்வது, எப்போது உடனே கிளம்புவது என்று எழுதுகிறேன். செம்பூர் மாமாவுக்கு நடந்ததையும் இடையிடையே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டியூபின் நுனி மூத்திரப்பைக்குள் இருக்கிறது. அது வெளியே நழுவாமல் இருக்க நுனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பலூன் இருக்கிறது. பெரும்பாலும் அதில் 10 மி.லி. சுத்தமான தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். வெளியே இரண்டு கிளைகள் தெரியும். ஒன்று பையோடு சேர்கிறது. கலர் வளையம் போட்ட இன்னொன்று பலூனுக்கானது. ஆரஞ்சு வளையம் என்றால் 16-ம் நம்பர், பச்சை என்றால் 14. அந்தக் கலர்க் கிளையில் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. சிறுநீர் கீழ்நோக்கி ஓடுவது பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவதைப் போலத்தான். மோட்டார் எதுவும் இல்லை. வரப்போகிற சிக்கல்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகிறது.

பை காலியாகவே இருக்கிறது

எவ்வளவு நேரம் காலியாக இருந்தால் கவலைப்பட வேண்டும்? சாதாரணமாகத் தண்ணீர் குடிக்கிற பெரியவர்களுக்கு மணிக்கு ஐம்பது, அறுபது மி.லி. இறங்கும். ஆகவே இரண்டு மணி நேரமாக ஒரு சொட்டும் இல்லையென்றால் எழுந்து பார்க்க வேண்டும். கூடவே அடிவயிற்றில் வலி, ஒண்ணுக்கு முட்டுகிற உணர்வு, நிலைகொள்ளாமல் புரள்வது இருந்தால் அந்த இரண்டு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம்.

பையிலிருந்து ஆள் பக்கமாக டியூபைக் கையால் தொட்டுக்கொண்டே மேலே போங்கள். விளக்கைப் போட்டு, போர்வையை விலக்கிப் பாருங்கள். பை நிரம்பி வழிகிற நிலையில் இருக்கிறதா என்பதுதான் முதல் பார்வை. 2 லிட்டர் பை என்றாலும் நிரம்பிவிட்டால் மேலே வருவதை வாங்காது. அடுத்து டியூபில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப். நடக்கும்போது மூடிவிட்டுத் திறக்க மறந்துபோன கிளிப்பை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன் தெரியுமா! பிசியோதெரபிக்காரர் வந்து போன பிறகும், சேரில் உட்கார வைத்து எடுத்த பிறகும் அதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பிறகு மடிப்பு: தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கலாம், கட்டில் கம்பியில் சிக்கியிருக்கலாம், பைஜாமாவின் எலாஸ்டிக்குள் வளைந்திருக்கலாம்.

கண்ணில் படாத தவறு ஒன்று இருக்கிறது. நீளமான டியூப் கட்டிலிலிருந்து தொங்கி, தரை வரை இறங்கி, மறுபடி பைக்கு ஏறினால் நடுவில் தொங்குகிற வளைவில் சிறுநீர் தேங்கி நிற்கும். தேங்கிய அந்தத் தண்ணீரே பின்னால் வருவதைத் தடுக்கும். அதிகமான நீளத்தை மெத்தையின் மேலேயே தளர்வாகச் சுற்றி வைத்து, அங்கிருந்து பைக்கு நேராக இறங்கும்படி செய்யுங்கள். வளைவில் நிற்பதைத் தூக்கிப் பைக்குள் வடித்துவிட்டால் பல நேரம் அந்த நிமிஷமே சிறுநீர் ஓடத் தொடங்கும்.

செம்பூரில் கிளிப் திறந்திருந்தது, மடிப்பும் இல்லை. பை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "பக்கத்துல மெத்தை மேலதான் சிஸ்டர். கீழ மாட்டினா இவர் கால்ல தட்டுதுன்னு மேல வெச்சுட்டார்" என்றார். ஒரே அறையில் நாலு பேர் படுக்கிற வீடு. மகன் பாத்ரூம் போகையில் பை காலில் இடறியிருக்கிறது. ஆனால் பை மூத்திரப்பையைவிடத் தாழ்வாக இல்லையென்றால் சிறுநீர் இறங்காது. அதோடு, பைக்குள் போன பழைய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். கிருமி உள்ளே போவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. கட்டிலின் பக்கக் கம்பியில், தரையைத் தொடாமல், இடுப்புக்குக் கீழே மாட்டச் சொன்னேன். கட்டில் இல்லாமல் தரையில் படுக்கிற வீடுகளில் மெத்தையை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, பையை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தால் போதும்.

மாட்டியதும் கொஞ்சம் இறங்கியது. 40 மி.லி. இருக்கும், அதோடு நின்றுவிட்டது. தொப்புளுக்குக் கீழே கை வைத்து மெதுவாக அழுத்திப் பார்க்கச் சொன்னேன். "கல்லு மாதிரி இருக்கு சிஸ்டர், தொட்டாலே கத்தறார்."

இந்தப் பதில்தான் வழியைப் பிரிக்கிறது. அடிவயிறு மெத்தென்று இருந்து, ஆளும் அமைதியாக இருந்து, சிறுநீர் மட்டும் குறைவாக, அடர்ந்த மஞ்சளாக வந்தால் பெரும்பாலும் குடித்த தண்ணீர் போதவில்லை. இரண்டு டம்ளர் கொடுத்து ஒரு மணி நேரம் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள். அடிவயிறு உப்பி, கெட்டியாகி, வலித்தால் மூத்திரப்பை நிறைந்திருக்கிறது, டியூபின் நுனி அடைத்திருக்கிறது. அப்போது தண்ணீர் கொடுப்பது வலியைத்தான் கூட்டும். அது காலை வரை காத்திருக்கிற விஷயமில்லை. உடனே கிளம்பச் சொன்னேன். ஜூலை மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ கிடைக்காமல் 108-க்குப் போன் செய்தார்கள்.

கேஷுவாலிட்டியில் பழைய டியூபை எடுத்துப் புதியது போட்டதும் 700 மி.லி.க்கு மேல் இறங்கியது. எடுத்த டியூபின் நுனியை மருமகள் போட்டோ எடுத்து அனுப்பினார். உப்புத் தண்ணீர் கொதிக்கிற பாத்திரத்தின் அடியில் படிகிற மாதிரி வெள்ளைத் துகள்கள், தொட்டால் நறநறக்கும். டியூபில் ஒட்டி வளர்கிற சில கிருமிகள் சிறுநீரைக் காரத்தன்மை ஆக்கிவிடும். அப்போது அதில் கரைந்திருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட் படிகமாகப் படிந்து நுனித் துளையை அடைக்கின்றன. அவருக்குப் போட்டிருந்தது மஞ்சள் நிற லேடெக்ஸ் டியூப். மழை விட்டதும் போகலாம் என்று மாற்றும் தேதியைத் தள்ளித் தள்ளி ஐந்து வாரம் ஆகிவிட்டது. லேடெக்ஸ் டியூபை இரண்டு மூன்று வாரத்தில் மாற்றச் சொல்வார்கள். கண்ணாடி போல் இருக்கிற முழு சிலிக்கான் டியூப் மூன்று மாதம் வரை இருக்கலாம். ஆனால் இந்த மாமாவைப் போல ஒரு முறை இப்படி அடைத்தவர்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அவருக்கு எத்தனை நாளில் அடைக்கிறது என்று பார்த்து, அதற்கு முன்னாலேயே மாற்ற வேண்டும். பழைய டியூபை எடுக்கிறபோது நுனியைப் பாருங்கள், நறநறப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்படி அடைத்தால் ஊசியில் தண்ணீர் ஏற்றி வேகமாகத் தள்ளிப் பார்க்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். உங்களுக்கு ஆஸ்பத்திரியில் நேரில் கற்றுக்கொடுத்து, ஸ்டெரைல் சலைன் எழுதிக்கொடுத்திருந்தால் மட்டுமே செய்யலாம். அப்போதும் தடை தெரிந்தால் அழுத்தக் கூடாது.

முதுகெலும்பில், குறிப்பாக மார்பின் நடுமட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இந்த அடைப்பு வேறு மாதிரி காட்டும். அவர்களுக்கு வயிற்று வலி தெரியாமலே இருக்கலாம். திடீரென்று மண்டை வெடிப்பது போல் தலைவலி, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுவது, மூக்கடைப்பு வந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், டியூபில் மடிப்பு இருந்தால் நீக்குங்கள். அப்படியும் ஓடாவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டியூபைச் சுற்றி ஒழுகுகிறது

செம்பூரில் வேட்டி நனைந்ததற்கும் காரணம் இதே அடைப்புதான். உள்ளே நிறைந்த சிறுநீர் டியூப் வழியாக வர முடியாமல் அதைச் சுற்றி வழிகிறது. ஆகவே துணி நனைந்து பை காலியாக இருந்தால் டியூபில் ஓட்டை என்று நினைக்காதீர்கள், அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டயப்பர் போட்டிருந்தால் இது தெரியாமலே போய்விடும். டயப்பர் மாற்றும்போது பையின் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

துணியும் நனைகிறது, பையும் ஒழுங்காக நிறைகிறது என்றால் அது வேறு. மூத்திரப்பை டியூபையும் பலூனையும் வெளியே தள்ளப் பார்த்துச் சுருங்குகிறது. பிடிப்பு மாதிரி வலி வரும், கொஞ்சம் ஒழுகும். டியூப் போட்ட முதல் இரண்டு மூன்று நாளில் இது அதிகம், பிறகு தணியும். தணியாவிட்டால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று டியூப் இழுபடுகிறதா என்பது. தொடையின் உள்பக்கத்தில், சிறிது தொய்வு விட்டு, பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். காலை நீட்டினாலும் மடக்கினாலும் இழுக்கக் கூடாது. ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்காமல் மாற்றி மாற்றி ஒட்டினால் தோல் புண்ணாகாது.

இன்னொன்று மலச்சிக்கல். சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிடுகிற விஷயம் இது. குடலில் கெட்டியாகத் தேங்கியது மூத்திரப்பையையும் டியூபையும் அழுத்தும். வெளிக்குப் போய் நாலு நாள் ஆன பெரியவருக்கு ஒழுகினால் முதலில் மலம் போக வழி செய்யுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து, கீரை, பப்பாளி, போதிய தண்ணீர் என்று பார்த்துக் கொடுங்கள். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். அப்படி எதுவும் இல்லாதவர்களுக்கு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் நல்லது.

ஒழுகுகிறது என்று பெரிய நம்பர் டியூப் போடச் சொல்லிக் கேட்கிறவர்களைப் பார்க்கிறேன். பெரிய டியூப் மூத்திரப்பையை இன்னும் எரிச்சல்படுத்தும். ஒழுகல் கூடவே செய்யும். பிடிப்புக்கு மாத்திரை இருக்கிறது. ஆனால் அதில் சில வயதானவர்களுக்கு மலச்சிக்கலையும் குழப்பத்தையும் உண்டாக்கும். அதனால் அதை டாக்டர்தான் பார்த்துத் தர வேண்டும்.

சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாற்றம் அடிக்கிறது

இங்கேதான் நிறையப் பேர் பயந்து, கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிவிடுகிறார்கள். டியூப் இருக்கிற எல்லாருக்கும் நாள்பட நாள்பட சிறுநீரில் கிருமி குடியேறிவிடும். ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லாருக்குமே இருக்கும். ஆள் நன்றாக இருந்து, சிறுநீர் மட்டும் கலங்கி, மணம் மாறியிருந்தால் அதற்கு மருந்து தேவையில்லை. தண்ணீர் குறைந்தாலும் நாறும், சில மருந்தாலும் நாறும். தேவையில்லாமல் மருந்து கொடுத்தால் பலமான கிருமிகள் மட்டும் மிஞ்சும். நிஜமாகவே காய்ச்சல் வருகிற அன்றைக்கு அந்த மருந்து கேட்காது.

இதனால்தான் "எதுக்கும் ஒரு கல்ச்சர் பார்த்துடலாம்" என்று பையிலிருந்து சிறுநீர் எடுத்து லேபுக்கு அனுப்பக் கூடாது. பையில் மணிக்கணக்கில் நின்ற சிறுநீரில் கிருமி பெருகியிருக்கும். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் நிறைய வரும், வீட்டில் எல்லாரும் கலங்கிப்போவார்கள். உடம்பில் அறிகுறி இருக்கும்போது, டாக்டர் சொன்னால், அதற்கென்று இருக்கிற இடத்தில் சுத்தம் செய்து நர்ஸ் எடுக்கிற மாதிரிதான் சரி. டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் புது டியூப் போட்டு அதிலிருந்து எடுப்பார்கள். முடிந்தவரை முதல் ஆன்டிபயாடிக் டோஸுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. டியூப் மாற்றிய அன்று லேசான இளஞ்சிவப்பு வரலாம், ஒரு நாளில் தெளியும். தக்காளிச் சாறு மாதிரி சிவந்தாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டி டியூபை அடைக்கும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகத் தெரியலாம். டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். சில சமயம், அதிலும் மலச்சிக்கல் உள்ள படுத்த படுக்கையான அம்மாக்களுக்கு, பையும் டியூபும் கத்திரிப்பூ நிறமாக மாறிவிடும். பார்த்தால் திகிலாக இருக்கும். குடலில் உண்டாகிற ஒரு பொருளைச் சிறுநீரில் இருக்கிற கிருமிகள் நிறமாக்குவதுதான் காரணம். அது தனியாக ஆபத்தில்லை; மலச்சிக்கலைக் கவனித்து, டாக்டரிடம் காட்டி, பையையும் டியூபையும் மாற்றச் சொல்லுங்கள்.

காய்ச்சல், நடுக்கம், ஆள் மாறிப்போவது

தொற்று என்றால் அதைப் பையில் தேடாதீர்கள், ஆளிடம் பாருங்கள். தெர்மாமீட்டரில் 100.4-க்கு மேல், உடம்பு உதறுகிற குளிர், அடிவயிற்றில் புது வலி, விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்கமாக வலி, வாந்தி, டியூப் நுழையும் இடத்தில் சீழ், ஆண்களுக்கு விதைப்பையில் வீக்கமோ வலியோ, இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். 'நாளைக்குப் பார்ப்போம்' என்பது இதற்கு ஆகாது.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் தொற்று வரும் என்பதைத் தாராவியில் ஒரு பாட்டியிடம்தான் நான் நன்றாகத் தெரிந்துகொண்டேன். தொட்டால் உடம்பு சில்லென்றுதான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து பெற்ற மகனை, முப்பது வருஷத்துக்கு முன் இறந்துபோன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் டீயைக் கையில் பிடிக்கவில்லை, தூங்கி விழுந்தார். "வயசாயிடுச்சு, அதான் ஒளர்றாங்க" என்று வீட்டில் நினைத்தார்கள். நேற்று வரை எல்லாரையும் சரியாக அடையாளம் கண்டவர் ஒரே நாளில் இப்படி மாறினால் அது வயது அல்ல. அன்றிரவே சேர்த்தார்கள். ரத்தத்தில் தொற்று பரவத் தொடங்கியிருந்தது. ஆறு நாள் நரம்பு வழியாக மருந்து ஏறி, வீட்டுக்கு வந்து மகனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு வேகமாக வாங்குவது, கை கால் ஜில்லிட்டு வியர்ப்பது, சிறுநீர் மிகக் குறைந்துபோவது. இவை வந்துவிட்டால் தொற்று ரத்தத்துக்குப் போயிருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டு நேராகக் கேஷுவாலிட்டிக்கு. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று தங்கிவிடாதீர்கள்.

தொற்று வராமலிருக்க, தினமும் கழுவுவது எப்படி

தினமும் ஒரு முறை, அதோடு வெளிக்குப் போன ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். சோப்பும் தண்ணீரும் போதும். டெட்டால், சாவ்லான், பவுடர், ஆயின்மென்ட் எதுவும் வேண்டாம். டாக்டர் சொன்னால் மட்டும். தாராவியில் குழாயில் தண்ணீர் வருகிற கொஞ்ச நேரத்தில் பிடித்து டிரம்மில் வைப்பார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு சொம்பு கொதிக்க வைத்து ஆற வைத்து இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, கிளவுஸ் இருந்தால் மாட்டிக்கொண்டு, ஆளுக்குக் கீழே ஒரு பழைய துண்டு விரியுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப் பக்கம். பின்னிருந்து முன்னே ஒரு தடவைகூட வேண்டாம். ஆண்களுக்கு முன்தோலை மெதுவாகப் பின்னால் தள்ளிக் கழுவி, துடைத்து, மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்து மூடிவிடுங்கள். இதை மறந்தால் தோல் அங்கேயே இறுகி வீங்கிவிடும். அதற்காகவே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். மாமனாருக்கு மருமகளோ, அம்மாவுக்கு மகனோ இதைச் செய்யக் கூச்சப்படுவது இயல்பு. செம்பூர் வீட்டிலும் மகன்தான் காலையில் செய்துவிட்டு வேலைக்குப் போவார். மருமகள் பையை மட்டும் பார்ப்பார். யார் செய்வது என்று முன்னாலேயே வைத்துக்கொண்டால் வேலை விட்டுப்போகாது.

அடுத்து டியூப். உடம்புக்குப் பக்கத்தில் ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சோப்புத் துணியால் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு நாலு விரற்கடை நீளத்துக்குத் துடையுங்கள். திரும்பவும் உடம்பை நோக்கித் தேய்க்கக் கூடாது. ஒட்டியிருக்கும் பொருக்கைச் சுரண்டாதீர்கள், ஈரத்துணியை வைத்து ஊறவிட்டால் தானே வரும். பிறகு தண்ணீரால் சோப்பைப் போக்கி, ஒத்தி உலர்த்துங்கள். மும்பை வேர்வையில் ஈரமாக விட்டால் தொடையிடுக்கு சிவந்து அரிக்கும். வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் குளிக்கலாம். பை மட்டும் தாழ்வாக இருக்கட்டும்.

பையைப் பாதி நிறைந்ததும் காலி செய்யுங்கள். நிரம்பவிட்டால் பாரம் டியூபை இழுக்கும். காலி செய்ய ஒரு தனி மக், அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். அடிக்குழாயின் வாய் மக்கின் விளிம்பிலோ தரையிலோ படக் கூடாது. முடிந்ததும் ஸ்பிரிட் பஞ்சால் வாயைத் துடைத்து மூடுங்கள். டியூபும் பையும் சேருகிற இடத்தைத் தேவையில்லாமல் கழற்றாதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கிருமிக்குக் கதவு திறக்கிறது. அதனால்தான் அந்த ராத்திரி "புதுப் பை மாத்தட்டுமா" என்றதற்கு நான் வேண்டாம் என்றேன். அடைப்பு டியூபில் இருக்கும்போது பையை மாற்றுவதால் ஒன்றும் நடக்காது. பையை வாரத்துக்கு ஒரு முறை அல்லது டாக்டர் சொன்ன கணக்கில் மாற்றினால் போதும். பழைய பையைக் கழுவித் திரும்ப மாட்ட வேண்டாம்.

டியூப் வெளியே வந்துவிட்டது

மறதி நோய் உள்ளவர்கள் இழுத்துவிடுவார்கள். பலூனோடு வந்தால் ரத்தம் வரும். வந்த டியூபையோ புதியதையோ நீங்கள் உள்ளே நுழைக்க முயலாதீர்கள். சுத்தமான துணி வைத்து அழுத்திக்கொண்டு, டியூப் முழுசாக வந்ததா, பலூன் கிழிந்து ஒரு துண்டு உள்ளே நின்றுவிட்டதா என்று டாக்டர் பார்க்க அதைக் கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பிராஸ்டேட் வீங்கியவருக்கு டியூப் இல்லாமல் ஒண்ணுக்கு நின்றுவிடும். ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். டியூப் உள்ளேயே இருக்க, எடுத்துவிடலாம் என்று தோன்றி அதைக் கத்தரித்தவர்களும் உண்டு. பலூன் தானாகச் சுருங்கும் என்று நம்பக் கூடாது. ஒருபோதும் வெட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

பீரோக் கதவில் ஒரு தாள் ஒட்டிவையுங்கள். டியூப் போட்ட தேதி, நம்பர், லேடெக்ஸா சிலிக்கானா, பலூனில் எத்தனை மி.லி., மாற்ற வேண்டிய தேதி, எதற்காக டியூப் போட்டது, எந்த மருந்துக்கு அலர்ஜி, சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா என்று எழுதுங்கள். புதுசாக டியூப் போடும்போதெல்லாம் அதன் கவரிலுள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி அந்தத் தாளில் ஒட்டுங்கள். அடியில் கடைசியாகப் பையைக் காலி செய்த நேரத்தையும் அளவையும் எழுதிவந்தால், ராத்திரி இரண்டரை மணிக்கு "எப்போதிலிருந்து வரவில்லை" என்று கேட்டால் தடுமாற வேண்டாம். செம்பூரில் பத்து மணிக்கு 350 என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்தே டாக்டர் நாலரை மணி நேர அடைப்பு என்று புரிந்துகொண்டார்.

தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி தாத்தாவோடு போகிறவர்களுக்காக, கவுன்டரில் முதலில் இந்தியில் சொல்ல வேண்டியதையும் அந்தத் தாளிலேயே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடைத்திருந்தால் "பேஷாப் கீ நலீ பந்த் ஹோ கயீ ஹை, பேட் ஃபூல் கயா ஹை". காய்ச்சலோடு குழம்பியிருந்தால் "நலீ லகீ ஹை, புகார் ஹை, கல் தக் டீக் தே, ஆஜ் பஹசான் நஹீன் ரஹே".